வேறொருவர் எண்ணில் போன பில்

2018 செப்டம்பர் 14 அன்று மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சரக்கு லாரிகளை வழியில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரிகள் சில்லறைப் பிழைகளுக்காகச் சரக்கை முடக்கக் கூடாது என்பது அதன் சாரம். எந்தெந்தப் பிழைகள் சில்லறை என்று ஒரு பட்டியலும் அதில் இருந்தது. பின்கோடு தவறு, முகவரியில் தவறு, வண்டி எண்ணில் ஓரிரு எழுத்து மாற்றம் போன்றவை. இவற்றுக்கு மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 என்று அபராதம் கட்டினால் வண்டி போகலாம். பட்டியலின் முதல் பிழை, விற்பவர் அல்லது வாங்குபவர் பெயரில் எழுத்துப் பிழை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஜிஎஸ்டி பதிவெண் சரியாக இருக்க வேண்டும். பெயர் தவறலாம், எண் தவறக் கூடாது என்று அந்தச் சுற்றறிக்கை சொல்லாமல் சொல்கிறது. பதிவெண்ணே தவறினால் என்ன செய்வது என்பது பட்டியலில் இல்லை.

ஜிஎஸ்டி விதிகளின் இன்னொரு மூலையிலும் இதே மனப்பான்மையைக் காணலாம். பில்லில் எல்லா விவரங்களும் இல்லாவிட்டாலும் வாங்குபவர் உள்ளீட்டு வரி வரவை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி 36(2) சலுகை தருகிறது. அதற்கும் குறைந்தபட்சமாகச் சில விவரங்கள் இருந்தாக வேண்டும். வரித்தொகை, சரக்கின் விவரம், மொத்த மதிப்பு, விற்பவர், வாங்குபவர் இருவரின் பதிவெண்கள், மாநிலம் விட்டு மாநிலம் போனால் வழங்கல் இடம். வாங்குபவரின் பெயர் இந்தக் குறைந்தபட்சப் பட்டியலில் இல்லை, பதிவெண் இருக்கிறது. ஆக, வாங்குபவர் பதிவெண் தவறிய பில் பிழையுள்ள பில் மட்டுமல்ல. வரிச்சட்டத்தின் கண்ணில் அது வேறொரு ஆளுக்குப் போட்ட பில். இதைத் திருத்துவதற்குச் சட்டம் வைத்திருக்கும் வழிகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். இ-இன்வாய்ஸில், கையில் இருக்கும் ஆவணத்தையும் அரசின் பதிவையும் சேர்த்தே மாற்ற முடிகிற நேரம் முதல் 24 மணி நேரம் மட்டும்தான். அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் சரிசெய்ய முடியும். எல்லாச் சூழலிலும் இரண்டையும் ஒருங்கே சரியாக்கும் ஒரே வழி என்று சட்டத்தில் எதுவும் இல்லை.

முதலில் பிழை எப்படி நேர்கிறது என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவெண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29), அடுத்த பத்து வருமானவரி நிரந்தரக் கணக்கு எண், பதின்மூன்றாவது அதே மாநிலத்தில் அந்த ஆள் எடுத்த எத்தனையாவது பதிவு என்பது, பதினான்காவது வழக்கமாக Z, கடைசியாக ஒரு சரிபார்ப்பு எழுத்து. இந்தக் கடைசி எழுத்து மற்ற பதினான்கிலிருந்தும் கணக்கிட்டு வருவது. ஆகவே ஒரே ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் கணக்கு ஒத்துப்போகாது, மென்பொருள் உடனே பிடித்துவிடும். அதையும் தாண்டிப் போனால், இ-இன்வாய்ஸ் பதிவுத் தளம் அப்படி ஒரு எண் நடப்பில் உள்ளதா என்று பார்க்கும். ஆகவே இன்று நடக்கும் பிழை விரல் தவறிய பிழை அன்று. எண் முழுக்கச் சரியாக இருக்கும், ஆள்தான் தவறாக இருப்பார். கணினியில் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இருவரில் மேலே இருந்தவரைத் தேர்ந்தெடுத்தது, பெங்களூர்க் கிளைக்குப் போகும் சரக்குக்குச் சென்னைக் கிளையின் எண்ணைப் போட்டது, எக்செல் தாளில் வரிசை ஒன்று இறங்கியது போன்றவை. எந்த இயந்திரச் சோதனையும் இவற்றைப் பிடிக்காது. பில்லில் அடித்த பெயர் அந்தப் பதிவெண்ணுக்கு உரியதா என்று பதிவுத் தளம் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. எண் உயிரோடு இருந்தால் போதும் என்று முத்திரை போட்டுவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் மோட்டார் செய்யும் நிறுவனம் ஒன்று, ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடிக்கு மேல், ஆகவே இ-இன்வாய்ஸ் கட்டாயம். 2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஈரோட்டு வியாபாரி ஒருவருக்கு 2,00,000 ரூபாய் மதிப்புள்ள மோட்டார்களுக்குப் பில் போடுகிறார்கள். வரி 18 சதவீதம்: மத்திய வரி 18,000, மாநில வரி 18,000, மொத்தம் 2,36,000. பெயரும் முகவரியும் ஈரோட்டுக்காரருடையவை. பதிவெண் மட்டும் கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட ஒரு சேலத்துக்காரருடையது. இருவரும் தமிழ்நாட்டில் இருப்பதால் வரிவகை மாறவில்லை, தொகை மாறவில்லை. கணக்கில் எதுவும் இடிக்காததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதே கணக்கை வெவ்வேறு நேரங்களில் பிடிபடுவதாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அன்று மாலை 6 மணிக்கே பிடிபட்டால் வழி நேரானது. இ-வே பில் போட்டிருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். நடப்பில் இ-வே பில் இருக்கும் வரை பதிவுத் தளம் இன்வாய்ஸை ரத்து செய்ய விடாது. பிறகு இன்வாய்ஸ் ரத்து, காரணம் ‘தரவு உள்ளீட்டுப் பிழை’. பிறகு புது எண்ணில் புது பில், புது இ-வே பில். இங்கே பலரும் தடுமாறுவது பில் எண்ணில்தான். பழைய எண்ணிலேயே மீண்டும் போட்டால் தளம் ஏற்பதில்லை. ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் தளம் தரும் 64 எழுத்து அடையாளம் (ஐஆர்என்) விற்பவர் பதிவெண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கிலிருந்து மட்டும் கணக்கிடப்படுகிறது. வாங்குபவர் பதிவெண் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. ஆகவே வாங்குபவரை மட்டும் மாற்றி அதே எண்ணில் போட்டால் அதே அடையாளம்தான் வரும், அது ஏற்கெனவே ரத்தானது. எண் வரிசையில் ஓட்டை விழுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. GSTR-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் மொத்தம் எத்தனை ஆவணம், அதில் ரத்தானவை எத்தனை என்று கேட்பதே அதற்குத்தான்.

பேனாவால் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போடும் பழைய பழக்கம் இங்கே செல்லாததற்கும் காரணம் இருக்கிறது. பில்லில் அச்சாகும் க்யூஆர் குறியீட்டுக்குள் வாங்குபவர் பதிவெண்ணும் தளத்தின் மின்கையொப்பத்தோடு அடைபட்டிருக்கிறது. தாளில் ஓர் எண்ணும் குறியீட்டுக்குள் இன்னோர் எண்ணும் இருந்தால், சோதனைச்சாவடியில் அது திருத்தமாகத் தெரியாது, முரண்பாடாகத்தான் தெரியும்.

லாரி கிளம்பிவிட்டிருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். இ-வே பில்லையும் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ஆனால் வழியில் ஓர் அதிகாரி அதைச் சரிபார்த்துவிட்டால் பிறகு முடியாது. பழைய பில் ரத்தாகி, புது பில் இன்னும் ஓட்டுநர் கைக்கு வராத இடைவெளியில் வண்டி ஓடினால், அந்தச் சரக்குக்கு ஆவணமே இல்லை. 129ஆம் பிரிவின்படி சரக்கின் உரிமையாளர் முன்வந்து விடுவித்தாலும் வரியைப் போல் இரு மடங்கு அபராதம், நம் கணக்கில் 72,000 ரூபாய். ஆகவே முதலில் ஓட்டுநரிடம் சொல்லி வண்டியை நிறுத்த வேண்டும், பிறகுதான் ரத்தும் மறுபதிவும். புது க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் அனுப்பினாலே போதும், காகிதம் தேவையில்லை என்று விதி 138A அனுமதிக்கிறது. இந்த ஒன்றினால் மட்டும் எத்தனையோ வண்டிகள் திரும்பி வராமல் பிழைத்திருக்கும்.

இனி, பிழை திங்கட்கிழமை காலையில் பிடிபடுவதாக வைத்துக்கொள்வோம். ஈரோட்டுக் கணக்கர் பில்லைப் பார்த்து ‘எண் எங்களுடையது இல்லையே’ என்கிறார். 24 மணி நேரம் சனி மாலை 4 மணிக்கே முடிந்துவிட்டது. தளத்தில் ரத்து செய்ய முடியாது. ஆனால் நவம்பர் மாத GSTR-1 இன்னும் தாக்கல் ஆகவில்லை, டிசம்பர் 11 வரை அவகாசம் இருக்கிறது. இ-இன்வாய்ஸிலிருந்து தானாக வந்து நிரம்பிய அந்தப் பதிவைத் திருத்தி, சரியான பதிவெண்ணோடு தாக்கல் செய்யலாம். திருத்தியதும் அதன் பக்கத்தில் இருந்த ஐஆர்என் விவரம் காணாமல் போகும், கையால் சேர்த்த பதிவாக அது மாறும். அப்படியானாலும் பதிவு சரியாகிவிடும்: டிசம்பர் 14 அன்று ஈரோட்டுக்காரரின் GSTR-2B அறிக்கையில் 36,000 ரூபாய் வரவு தெரியும். ஆவணம் மட்டும் அப்படியே நிற்கும். அவர் கையில் இருப்பது சேலத்துக்காரர் எண் அச்சான பில்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 16(2) பிரிவு உள்ளீட்டு வரவுக்குப் பல நிபந்தனைகள் விதிக்கிறது. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, வாங்குபவர் கையில் வரி இன்வாய்ஸ் இருக்க வேண்டும். மற்றது 2022 ஜனவரி முதல் வந்தது: விற்பவர் அதை GSTR-1-இல் காட்டி, அது வாங்குபவரின் அறிக்கைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். படிவத்தில் செய்யும் திருத்தம் இரண்டாவதைத் தீர்க்கிறது, முதலாவதைத் தொடவில்லை. மாறாக, கிரெடிட் நோட் போட்டுப் பழையதைக் கழித்துவிட்டுப் புது இன்வாய்ஸ் போடும் வழி முதலாவதைத் தீர்க்கிறது, ஆனால் வேறு தொல்லைகளை இழுத்துவருகிறது. ஆடிட்டர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லாததற்குக் காரணம் இதுதான். அவரவர் ஒரு நிபந்தனையைப் பார்த்துப் பேசுகிறார்கள், இரண்டு தரப்பும் பாதி சரி.

கிரெடிட் நோட் வழியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 34ஆம் பிரிவு அதற்கான காரணங்களைச் சொல்கிறது: மதிப்போ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தால், சரக்கு திரும்பி வந்தால், குறைபாடு இருந்தால். தவறான பதிவெண் இவற்றுள் நேரடியாக எதிலும் அடங்கவில்லை. சேலத்துக்காரருக்கு எதுவும் விற்கவில்லை, ஆகவே அவர் பேரில் போட்ட வரி முழுவதும் கூடுதல் என்று வாதாடலாம். அது வலிந்த வாதம், ஆனால் அபத்தமில்லை. பெரிய சிக்கல் இன்வாய்ஸ் மேலாண்மை முறை வந்த பிறகு முளைத்தது. 2024 அக்டோபர் முதல் வாங்குபவர் தன் பேரில் வந்த ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். சேலத்துக்காரர் கவனக்குறைவானவர் என்றால் பில்லும் கிரெடிட் நோட்டும் இரண்டுமே ஏற்கப்பட்டு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், யாருக்கும் தொந்தரவில்லை. கவனமானவராக இருந்தால்தான் வம்பு. ‘இது என்னுடையதல்ல’ என்று பில்லை நிராகரிக்கும் அதே கையால் கிரெடிட் நோட்டையும் நிராகரிப்பார். பில்லை நிராகரித்தால் விற்பவரின் வரிப்பொறுப்பு மாறாது. கிரெடிட் நோட்டை நிராகரித்தாலோ, கழித்த 36,000 ரூபாயும் விற்பவரின் அடுத்த GSTR-3B-யில் பொறுப்பாகத் திரும்பி ஏறும். புது இன்வாய்ஸுக்கு ஒரு முறை, பழையதற்கு ஒரு முறை என்று ஒரே சரக்குக்கு இரண்டு வரி. 2025 நிதிச் சட்டம் 34(2) பிரிவை இன்னும் இறுக்கியது. வாங்குபவர் எடுத்த வரவைத் திருப்பவில்லையென்றால் விற்பவர் தன் பொறுப்பைக் குறைக்க முடியாது. கிரெடிட் நோட்டை ஏற்றுக்கொண்டு ‘நான் வரவே எடுக்கவில்லை, திருப்ப எதுவும் இல்லை’ என்று குறிப்பிடும் வசதியைத் தளம் தந்திருக்கிறது. ஆனால் அதை அழுத்த வேண்டியவர் நமக்கும் சரக்குக்கும் சம்பந்தமில்லாத சேலத்துக்காரர்.

ஆகவே என் முடிவு இது. தவறிய எண் முன்பின் தெரியாதவருடையது என்றால் படிவத்தில் திருத்துவதே பாதுகாப்பு. GSTR-1 தாக்கலாகிவிட்டிருந்தால், அடுத்த மாதங்களின் GSTR-1-இல் 9A அட்டவணை வழியாக. அதே மாதத்துக்குள் திருத்த உதவும் GSTR-1A படிவம் இதற்கு உதவாது. வாங்குபவர் பதிவெண்ணை மாற்றுவதை அது வெளிப்படையாக விலக்குகிறது. 9A வழியில் விற்பவர் தன் வரிப்பொறுப்பில் ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்லிக் கேட்பதில்லை, ஆள்தான் மாறுகிறார். ஆகவே 34(2) இங்கே குறுக்கே வராது, அந்நியரின் தயவும் தேவையில்லை. ஆவணக் குறைக்கு, எந்த பில்லில் எந்த எண் எப்படித் தவறியது, எந்த மாதப் படிவத்தில் திருத்தியது என்று விற்பவர் ஒரு கடிதம் தந்து, வாங்குபவர் அதை பில்லோடு கோத்து வைக்க வேண்டும். இது முழுமையான தீர்வு என்று சொல்ல மாட்டேன். விதி 36(2)-ஐ எழுத்துக்கு எழுத்து படிக்கும் அதிகாரி கேள்வி எழுப்பத்தான் செய்வார். ஆனால் சரக்கு வந்ததும், பணம் போனதும், வரி கட்டியதும், அறிக்கையில் வந்ததும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் அந்தக் கேள்வி பலவீனமானது. தவறிய எண் அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையுடையது என்றால் நிலைமை தலைகீழ். அங்கே ‘அந்நியர்’ கூப்பிடு தூரத்தில் இருக்கிறார், கிரெடிட் நோட்டை ஏற்கச் சொன்னால் ஏற்பார். அங்கே கிரெடிட் நோட்டும் புது இன்வாய்ஸும்தான் மேல், இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறும்.

கிளை வேறு மாநிலத்தில் இருந்தால் இன்னொரு கோணமும் சேர்கிறது. பெங்களூருக்குப் போன சரக்குக்குச் சென்னைக் கிளையின் 33 எண்ணைப் போட்டால், பல மென்பொருள்கள் அதைப் பார்த்தே மத்திய வரி, மாநில வரி என்று பிரித்துவிடும். போட்டிருக்க வேண்டியது ஒருங்கிணைந்த வரி. இங்கே எண்ணோடு வரிவகையும் தவறிவிட்டது. 77ஆம் பிரிவும் ஒருங்கிணைந்த வரிச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் இதற்கு ஆறுதல் தருகின்றன: சரியான வரியைக் கட்டிவிட்டுத் தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம், சரியான வரிக்கு வட்டி கிடையாது. ஆனால் முதலில் கையிலிருந்து பணம் போக வேண்டும், திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். இந்த வகைப் பிழைக்குத் தாமதம்தான் அதிகச் செலவு.

அரசுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை, வரி முழுதும் கட்டியாகிவிட்டது, பிறகு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைப் பரிவோடுதான் கேட்டிருக்கின்றன. வாங்குபவருக்கு ஒரு மாநிலப் பதிவெண்ணுக்குப் பதில் வேறு மாநிலப் பதிவெண்ணைப் போட்ட பென்டகிள் பிளான்ட் மெஷினரீஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் திருத்த அனுமதித்தது. 2023 டிசம்பரில் ஸ்டார் எஞ்சினியர்ஸ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றமும் அப்படியே. 2025 மார்ச்சில் அபெர்டேர் டெக்னாலஜீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனிதத் தவறு இயல்பானது, எழுத்துப் பிழையைத் திருத்தும் உரிமையைத் தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது என்ற கருத்தோடு துறையின் மனுவைத் தள்ளியது. ஆனால் இவற்றை நம்பி மெத்தனமாக இருப்பது சரியாக வராது. சென்னைத் தீர்ப்பு சாய்ந்த முக்கியக் காரணம், பிழையை உரிய நேரத்தில் காட்டிக்கொடுக்க வேண்டிய படிவங்கள் அன்று செயல்பாட்டுக்கே வராதது. இன்று மாதந்தோறும் GSTR-2B வருகிறது, நிராகரித்த பில்கள் விற்பவர் கண்ணுக்கே தெரிகின்றன. ‘எனக்குத் தெரிய வழியில்லை’ என்ற வாதம் தேய்ந்துகொண்டே வருகிறது. 37(3) பிரிவு நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரை திருத்த இடம் தருகிறது. நம் கணக்குக்கு அது 2026 நவம்பர் 30. நடைமுறையில் நவம்பர் 11க்குள் தாக்கலாகும் அக்டோபர் GSTR-1தான் கடைசி வாய்ப்பு. அதைத் தவறவிட்டவர் 36,000 ரூபாய்க்காக உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். வக்கீல் செலவைக் கணக்குப் போட்டால் வெற்றியும் நட்டமே.

ஐந்து கோடிக்குக் கீழே இருக்கும் சிறு வியாபாரிகளுக்கு இ-இன்வாய்ஸ் இல்லை, 24 மணி நேரக் கெடுவும் இல்லை. அவர்களுக்கு இது எளிதுதானே என்று தோன்றும். ஓரளவு உண்மை. GSTR-1 போகும் வரை வாங்குபவரிடமிருந்து மூலப்படியைத் திரும்ப வாங்கி, எல்லாப் படிகளிலும் ‘ரத்து’ என்று எழுதி ஒன்றாகத் தைத்து வைத்துவிட்டுப் புது எண்ணில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது, வழக்கம்தான் இருக்கிறது. பழைய பில் எண்ணிலேயே ‘திருத்திய இன்வாய்ஸ்’ என்று தலைப்பிட்டுத் தருபவர்களும் உண்டு. 31ஆம் பிரிவில் அந்தப் பெயரில் ஓர் ஆவணம் இருப்பது உண்மை. அது பதிவு அமலுக்கு வந்த நாளுக்கும் சான்றிதழ் கிடைத்த நாளுக்கும் இடைப்பட்ட விற்பனைகளுக்கானது, இதற்கல்ல.

24 மணி நேரம் போதாது என்ற குறையில் நியாயம் இருக்கிறது. வெள்ளி மாலை போட்ட பில்லை வாங்குபவரின் கணக்கர் திங்கட்கிழமைதான் பார்ப்பார். சரக்கு நகரத் தொடங்கிய பின் விருப்பம்போல் ரத்து செய்ய விட்டால், சரக்கு போய்ச் சேர்ந்ததும் பில்லை மறைத்துவிடும் ஏமாற்றுக்கு வழி திறக்கும் என்பது எதிர்வாதம். அதுவும் வெறும் அச்சமல்ல, ரத்து வசதிக்குக் கெடு வைத்ததன் நோக்கமே அது. ஆனால் ரத்தையும் மாற்றையும் ஒரே செயலாகப் பிணைத்தால் இந்த அச்சம் அடங்கும். அதே சரக்கு, அதே தொகை, அதே வரி, வாங்குபவர் பதிவெண் மட்டும் வேறு என்ற புது பில்லோடு சேர்த்தால்தான் பழையது ரத்தாகும் என்று வைத்து, அதை GSTR-1 தாக்கல் வரை அனுமதிக்கலாம். அரசின் பதிவிலிருந்து எந்த விற்பனையும் மறையாது. அதுவரை விற்பவர் செய்யக்கூடியது, முத்திரை வாங்குவதற்கு முன் பதிவெண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடி, அங்கே வரும் சட்டப்பூர்வப் பெயரை பில்லில் உள்ள பெயரோடு ஒப்பிடுவது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகள் என்றால் இதுவும் கைகொடுக்காது, பெயர் ஒன்றாகவே இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது முதல் இரண்டு இலக்கங்களை. ஒரே மாநிலத்தில் இரண்டு பதிவு வைத்திருப்பவர்களுக்குப் பதின்மூன்றாவது எழுத்தை.